மழை ‘இயல்பு’, விளைச்சல் பாதி: மானாவாரி விவசாயியின் கணக்கு எங்கே தப்புகிறது?

2023 டிசம்பர் 18, காலை 8.30 மணி. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பதிவான மழை சுமார் 95 செ.மீ. பக்கத்து ஊரான திருச்செந்தூரில் 69 செ.மீ. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையே சுமார் 65 செ.மீ.தான்.

அந்த ஆண்டின் புள்ளிவிவரத்தை மட்டும் பின்னாளில் எடுத்துப் பார்ப்பவருக்குத் தூத்துக்குடி ‘அதிக மழை பெற்ற மாவட்டம்’. அந்த மழையில் பெரும்பகுதி ஒன்றிரண்டு நாளில் கொட்டியது என்பதை மொத்தக் கணக்கு சொல்லாது. அதே மாவட்டத்தின் இன்னொரு கோடியில், கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போட்டிருந்தவர்களுக்கு அந்த மழை எந்த நேரத்தில் வந்தது, அதற்கு முன்னால் காடு எத்தனை நாள் காய்ந்து கிடந்தது என்பதையும் சொல்லாது.

‘மழை பெய்தும் கெடுக்கும், பெய்யாமலும் கெடுக்கும்’ என்று ஊரில் சொல்வார்கள். ஒரே ஆண்டில் இரண்டையும் செய்து முடித்துவிட்டு, கடைசியில் ‘இயல்பான மழை’ என்ற பட்டத்தோடு போகவும் மழைக்குத் தெரியும். அதைத் தரவில் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்காமல் விட்டால் யாருக்கு நஷ்டம்?

‘இயல்பு’ என்றால் என்ன?

இந்திய வானிலை ஆய்வு மையம் ஒரு பருவத்தின் மழையை அதன் நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிடுகிறது. சராசரியைவிட 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது ‘இயல்பு’. 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் ‘பற்றாக்குறை’. 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ‘பெரும் பற்றாக்குறை’.

பெரிய வறட்சியைக் காட்ட இந்த அளவுகோல் போதும். 2016 வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்கு 62 சதவீதம் மழை குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டில் மழைக் கணக்கும் விவசாயியின் கணக்கும் ஒன்றாகவே இருந்தன. யாரும் யாரையும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் ‘இயல்பு’ என்று பதிவாகும் ஆண்டுகளில்தான். மழை பெய்திருக்கிறது, ஆனால் விளைச்சல் இல்லை. “மழைதான் நல்லா பெஞ்சதே, அப்புறம் என்ன?” என்ற கேள்விக்கு விவசாயியிடம் பதில் இருக்கும். அவர் கையில் தரவு இருக்காது.

ஒரே 400 மி.மீ., இரண்டு வேறு ஆண்டுகள்

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு. கரிசல் நிலத்தில் மானாவாரி உளுந்து. வயது 70 நாள். அக்டோபர் 9-ல் விதைப்புக்கு ஏற்ற மழை, மறுநாள் விதைப்பு, டிசம்பர் 19 வாக்கில் அறுவடை. இரண்டு ஆண்டுகளிலும் இந்தக் காலத்தில் பெய்த மொத்த மழை 400 மி.மீ.

முதல் ஆண்டில் அந்த 400 மி.மீ. 24 நாட்களில் பிரிந்து பெய்கிறது. இரண்டு மழைக்கு நடுவே அதிகபட்ச இடைவெளி 8 நாள். உளுந்து தழைக்கிறது, பூக்கிறது, காய்க்கிறது. அறுவடை நேரத்தில் வெயில்.

இரண்டாம் ஆண்டில் மழை நாட்கள் வெறும் 11. விதைப்பு மழை 40 மி.மீ. அக்டோபரில் மேலும் மூன்று நாளில் 60 மி.மீ. நவம்பர் 8, 9 தேதிகளில் மட்டும் 210 மி.மீ. அதன்பின் நவம்பர் 10 முதல் டிசம்பர் 1 வரை 22 நாள் சொட்டு மழை இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் மூன்று நாளில் 50 மி.மீ. கடைசியில், காய் முற்றி நிற்கும்போது இரண்டு நாளில் 40 மி.மீ.

கூட்டிப் பார்த்தால் இரண்டும் 400. இரண்டுமே ‘இயல்பு’. ஆனால் இரண்டாம் ஆண்டில் நிலத்துக்குள் நடந்தது வேறு.

மண்ணை ஒரு தொட்டியாக நினைத்துக்கொள்ளலாம். உளுந்தின் வேர் எட்டும் ஆழத்தில், பயிருக்குப் பயன்படும்படி 90 மி.மீ. தண்ணீரை அந்தத் தொட்டி பிடித்துவைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 210 மி.மீ. கொட்டினாலும் பயிருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 90 மி.மீ.தான். மிச்சமெல்லாம் ஓடிவிடும், அல்லது வயலில் தேங்கும். தேங்கினால் வேருக்குக் காற்று போகாது. உளுந்து அதைத் தாங்காது, பயிர் மஞ்சள் அடிக்கும். ஆனால் மழைமானி 210-ஐயும் அப்படியே வரவு வைத்துக்கொள்ளும்.

இப்போது மழை நின்றுவிடுகிறது. பூக்கும் பருவத்தில் பயிர் ஒரு நாளைக்குச் சுமார் 5 மி.மீ. தண்ணீர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 9 நாளில் தொட்டி பாதியாகும். பாதிக்குக் கீழே போகப்போக, மீதமிருக்கும் தண்ணீரை மண்ணிலிருந்து உறிஞ்சுவது பயிருக்குக் கடினமாகிறது. இலை சுருங்குகிறது, பயிர் தண்ணீர்ச் செலவைக் குறைக்கிறது, பூவை உதிர்க்கிறது. 22 நாள் இடைவெளியில் முதல் 9 நாள் பெரிய பாதகமில்லை. அடுத்த 13 நாள் பயிருக்குத் திண்டாட்டம்.

அந்த 13 நாள் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். நவம்பர் 10 என்பது விதைத்த 31-வது நாள். உளுந்து பூக்கத் தொடங்கும் நேரம். டிசம்பர் 1 என்பது 52-வது நாள். காய்க்குள் மணி பிடிக்கும் நேரம். இதே 22 நாள் இடைவெளி முற்றிய பயிருக்கு வந்திருந்தால் பாதிப்பு மிகக் குறைவு. பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது வந்ததால் உதிர்ந்த பூ உதிர்ந்ததுதான். டிசம்பர் 2-ல் மழை வந்ததும் செடி மறுபடி பச்சையாகும், தூரத்திலிருந்து பார்த்தால் வயல் அழகாகத்தான் இருக்கும். காய் இருக்காது.

அதையும் மீறிப் பிடித்த கொஞ்சம் காய் மீது கடைசி 40 மி.மீ. விழுகிறது. முற்றிய காய் நனைந்தால் மணி நிறம் மாறும், செடியிலேயே முளைக்கவும் தொடங்கும். எடை குறைவது ஒரு நஷ்டம் என்றால், மண்டியில் விலை குறைவது இன்னொரு நஷ்டம். விளைச்சல் புள்ளிவிவரம் முதலாவதை மட்டுமே காட்டும்.

மக்காச்சோளத்திலும் இதே கதைதான், இடம் மட்டும் மாறும். சுமார் 50 முதல் 60 நாளில் ஆண் பூவும், கதிரில் பட்டு நூலும் வெளிவரும். அந்த நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் பட்டு நூல் வெளிவரத் தாமதமாகும். அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்திருக்கும். விளைவு, அங்கங்கே மணி இல்லாத பொக்கைக் கதிர்.

நீங்களே செய்து பார்க்க ஒரு பயிற்சி

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். தினசரி மழை அளவு கையில் இருந்தால் எக்செல் போதும். முதல் நெடுவரிசையில் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 தேதிகள், இரண்டாவதில் அன்றன்றைய மழை மி.மீ. கணக்கில். வானிலைத் துறை விதிப்படி 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது ‘மழை நாள்’. அதற்குக் குறைவான நாட்களை வறண்ட நாளாக எண்ணினால், தொடர்ச்சியான வறண்ட நாட்களின் நீளம் கிடைத்துவிடும்.

```
C2:  =IF(B2<2.5,1,0)
C3:  =IF(B3<2.5,C2+1,0)     (C93 வரை இழுக்கவும்)
E1:  =COUNTIF(B2:B93,">=2.5")
E2:  =MAX(C2:C93)
```

முதலாவது விடை (E1) மழை நாட்களின் எண்ணிக்கை. இரண்டாவது (E2) அந்தப் பருவத்தின் மிக நீண்ட வறண்ட இடைவெளி. இப்படி 20 ஆண்டுகளுக்குச் செய்து, பக்கத்தில் அந்தந்த ஆண்டின் விளைச்சலை எழுதிவிடலாம். முதலில் மொத்த மழையையும் விளைச்சலையும் வைத்து ஒரு புள்ளி வரைபடம். அடுத்து, பூக்கும் காலத்தின் வறண்ட இடைவெளியையும் விளைச்சலையும் வைத்து இன்னொன்று. எந்தப் படத்தில் புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி நிற்கின்றன என்று பார்ப்பதுதான் பயிற்சி.

கேட்க எளிது. ஆனால் இதில் நான்கு இடங்களில் சறுக்க வாய்ப்பிருக்கிறது.

முதலாவது, காலிக் கட்டம். மழைமானி பழுதானதாலோ, யாரும் போய்ப் பார்க்காததாலோ சில நாட்கள் பதிவு இருக்காது. எக்செல் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பதிவே இல்லாத பத்து நாள், மழையே இல்லாத பத்து நாளாகிவிடும். ஒரு நீண்ட வறட்சி கண்ணில் பட்டால், முதலில் பக்கத்து நிலையத்தின் பதிவைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, தேதி. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. காயல்பட்டினத்தின் அந்த 95 செ.மீ. பெரும்பாலும் 17-ம் தேதி பெய்ததாக மக்கள் நினைவில் இருக்கும்; பதிவில் அது 18-ம் தேதி மழை. இன்னொரு மூலத்தின் தரவோடு சேர்த்தால் ஒரு நாள் பிசகும்.

மூன்றாவது, விளைச்சலின் ஏறுமுகம். இருபது ஆண்டுகளில் விதை மாறியிருக்கிறது. குறிப்பாக மக்காச்சோளத்தில் வீரிய ஒட்டு ரகங்கள் வந்துவிட்டன. 2003-ன் நல்ல விளைச்சலையும் 2023-ன் மோசமான விளைச்சலையும் அப்படியே ஒப்பிட்டால் மழையின் பங்கு மறைந்துபோகும். எக்செல்லில் ஒரு போக்குக் கோடு வரைந்து, ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே, கீழே என்று எடுத்தபிறகுதான் மழையோடு ஒப்பிட வேண்டும்.

நான்காவதுதான் மிகவும் மோசமானது. விளைச்சல் என்பது ஒரு ஏக்கருக்கு இவ்வளவு கிலோ. எந்த ஏக்கர்? விதைத்து, முளைக்காமல் போய், உழுது அழித்த காடு அறுவடைக் கணக்கில் வராவிட்டால், மீதி நின்ற நல்ல வயல்களின் சராசரிதான் தெரியும். ஆண்டு எவ்வளவு மோசமோ, அவ்வளவு தூரம் அந்தச் சராசரி உண்மையைவிட நல்லதாகத் தெரியும். அதனால் விளைச்சலோடு விதைத்த பரப்பையும் அறுவடையான பரப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காலநிலை மாற்றம் இதில் என்ன செய்கிறது?

ஒரு டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கையும், உலக அளவில் ஒரு நாளில் கொட்டும் அதிகனமழை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ அதே 7 சதவீதம் தீவிரமாகும் என்கிறது. அதாவது, ஆண்டு மொத்தம் பெரிதாக மாறாமலேயே, அது வந்துசேரும் விதம் மாறலாம். 24 நாளில் வந்த மழை 11 நாளில் வரும் ஆண்டுகள் கூடலாம். வெப்பமும் சேர்ந்துகொள்வதால் நடுவே காயும் நாட்களில் மண் இன்னும் வேகமாகக் காயும்.

ஒரு ஊரில் ஒரு நாள் பெய்த ஒரு மழையை மட்டும் காட்டி ‘இதுதான் காலநிலை மாற்றம்’ என்று தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் ‘மொத்த மழை குறையவில்லையே, அப்போ பிரச்சினை இல்லை’ என்ற தீர்ப்பும் அதே அளவுக்குத் தவறு. தீபக் ரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உலக அளவில் முக்கியப் பயிர்களின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, மழையும் வெப்பமும் ஏறி இறங்குவதால் வருவது.

சிறு விவசாயிக்கு மட்டும் ஏன் கூடுதல் அடி?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. வானிலைத் துறையின் பரவலாகப் பயன்படும் மழைத் தரவில் ஒரு கட்டம் என்பது ஏறக்குறைய 27 கி.மீ. நீளம், 27 கி.மீ. அகலம். அந்த ஒரு கட்டத்துக்குள் பல பத்து கிராமங்கள் அடங்கிவிடும். கண்மாய்க்கு இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் பெய்யாத மழையை அந்தக் கட்டம் பார்க்கவே பார்க்காது.

ஒரு மாவட்டத்தில் ஒரு வயல் தோற்றால் இன்னொன்று ஜெயிக்கும், சராசரி அசையாது. ஒரே துண்டு நிலம் வைத்திருப்பவருக்கு அந்தச் சராசரி கிடையாது. முதல் விதைப்பு கருகினால் மறுவிதைப்புக்கு விதை, உழவு, கூலி எல்லாம் இரண்டாம் முறை. அதற்குள் பட்டம் தள்ளிப்போகும். தள்ளிப்போன பயிர் பூக்கும்போது மழைக்காலம் முடிந்திருக்கும்.

இதற்குத்தானே பயிர்க் காப்பீடு? அங்கேயும் சராசரிதான் முடிவு செய்கிறது.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி விளைச்சலை எடுப்பார்கள். இன்னொரு கற்பனைக் கணக்கு: ஒரு கிராமத்தில் அந்தச் சராசரி ஏக்கருக்கு 300 கிலோ, ஈட்டுறுதி அளவு 80 சதவீதம். அப்படியானால் உத்தரவாத விளைச்சல் 240 கிலோ. இந்த ஆண்டு கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்து, குறிப்பிட்ட அளவு இடத்தில் அறுவடை செய்து எடை போடுகிறார்கள். இதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. அதன் சராசரி 180 கிலோ என்று வந்தால் குறைவு 60 கிலோ, அதாவது 240-ல் 25 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 15,000 ரூபாய் என்றால் இழப்பீடு 3,750 ரூபாய். 220 கிலோ எடுத்தவருக்கும் அதே 3,750. 60 கிலோ எடுத்தவருக்கும் அதே 3,750.

அதே கிராமத்தின் சராசரி 245 என்று வந்திருந்தால்? 60 கிலோ எடுத்தவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

வயலில் வெள்ளம் தேங்குதல், ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ப் பேரிடர்கள் அறிவிக்கை செய்யப்பட்ட இடங்களில், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் தனி வயலை ஆய்வு செய்ய வழி உண்டு. பூக்கும் நேரத்தில் வந்த 22 நாள் வறட்சிக்கு அப்படித் தனி வயல் ஆய்வு இல்லை. அது சத்தமில்லாமல் வந்து போகும் நஷ்டம். 72 மணி நேரம் எந்த நாளிலிருந்து தொடங்கும் என்றுகூடச் சொல்ல முடியாது.

என்ன மாற வேண்டும்?

சராசரி இல்லாமல் காப்பீடு நடத்த முடியாது என்பது உண்மை. ஒவ்வொரு வயலையும் அளக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் எதன் சராசரி, எவ்வளவு பரப்பின் சராசரி என்பதை மாற்ற முடியும்.

ஊராட்சி அளவில் தானியங்கி மழைமானிகளை அமைக்கும் ‘விண்ட்ஸ்’ திட்டத்தை மத்திய வேளாண் அமைச்சகம் 2023-ல் அறிவித்தது. தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவும் திட்டத்தை முன்னெடுத்தது. கருவி வைப்பதோடு வேலை முடிவதில்லை. அதன் தினசரிப் பதிவை, விவசாயியும் அவர் வீட்டில் படிக்கிற பிள்ளையும் ஒரு எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். பயிர் அறுவடைப் பரிசோதனையில் எந்தக் கிராமத்தில் எத்தனை வயல், ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ என்பதும், உரிமையாளர் பெயர் இல்லாமல், பொதுவில் வர வேண்டும். அப்போதுதான் 245 என்ற சராசரி, எல்லாரும் 245 எடுத்ததால் வந்ததா, பாதிப்பேர் 430-ம் மீதிப்பேர் 60-ம் எடுத்ததால் வந்ததா என்று தெரியும்.

அரசின் மழை அறிக்கையும் மாற வேண்டும், அதை அப்படியே எடுத்துப்போடும் ஊடகச் செய்தியும் மாற வேண்டும். ‘இயல்பைவிட இத்தனை சதவீதம்’ என்ற ஒற்றை எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் போதும்: மழை நாட்கள் எத்தனை, மிக நீண்ட வறண்ட இடைவெளி எத்தனை நாள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. தினசரி மழைப் பதிவு இருக்கும் இடத்தில் இதற்குப் புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. மேலே உள்ள நான்கு வரி வாய்ப்பாட்டுக்கு ஆகும் நேரம்தான் செலவு.

“மழைதான் நல்லா பெஞ்சதே” என்று இனி யாராவது கேட்டால், “நவம்பர் 10-லேர்ந்து டிசம்பர் 1 வரைக்கும் எங்க பெஞ்சது?” என்று திருப்பிக் கேட்க அந்த விவசாயியின் கையில் ஒரு தாளாவது இருக்கும்.